வீட்டு வரி மறுஅளவீட்டு அறிவிப்பு: விசாரணைக்கு எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஊர்ப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்பா கட்டிய வீடு, தரைத்தளம் மட்டும்தான். கடைசி அரையாண்டுக்கு 1,460 ரூபாய் வரி கட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன், வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. அதில் கட்டடப் பரப்பு 1,284 சதுர அடி, அரையாண்டு வரி 3,120 ரூபாய், பயன்பாடு "குடியிருப்பு மற்றும் வணிகம்" என்று இருக்கிறது. 2022-23 முதல் நிலுவை என்றும் ஒரு வரி அச்சிட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் கடை எதுவும் கிடையாது. நானே நாடா பிடித்து ஒவ்வோர் அறையாக அளந்தேன். மொத்தம் 970 சதுர அடிதான் வருகிறது. முன்னூறு அடிக்கு மேல் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். ஆட்சேபணை எழுதினால் விசாரணைக்கு அழைப்பார்கள் என்று சொல்கிறார்கள். எதைத் திரட்டிக்கொண்டு போக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்

கவலைப்படாதீர்கள் சகோதரி. பக்கத்து வீட்டுக்காரர்களின் வரி ரசீதுகளை வாங்கிக்கொண்டு போங்கள். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 1,500 ரூபாய் என்றால் உங்களுக்கு மட்டும் எப்படி 3,120 என்று கேளுங்கள், அவர்களிடம் பதில் இருக்காது. முப்பது நாள் அவகாசம் எப்போதும் உண்டு, அவசரப்பட வேண்டாம். தொகை குறைந்த பிறகு கட்டிக்கொள்ளலாம். அதுவரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

கேட்புப் பதிவேடு

வேறு மாவட்டத்து நகராட்சி ஒன்றில் வரிப்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேலே நண்பர் சொன்னதில் மூன்று இடங்களில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் நாள் கணக்கு. ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்பது அம்மாவுக்கு வந்த தாளிலேயே அச்சாகியிருக்கும். 2023 ஏப்ரலில் புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய நகராட்சிச் சட்டக் காலத்துப் பழக்கத்தை வைத்து "முப்பது நாள் எப்போதும் உண்டு" என்று சொல்வது ஆபத்து. தாளில் உள்ள எண்ணிக்கையைப் பாருங்கள். அறிவிப்பு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். உறையில் வந்திருந்தால் அந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். நேரில் கொடுத்திருந்தால் அம்மா எந்தத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று கேளுங்கள். தேதி போடாமல் கையெழுத்திட்டிருந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது பணம். ஒன்றும் கட்டாமல் இருப்பது உங்களுக்குத்தான் பாதகம். தாமதத்துக்கு அபராத வட்டி ஏறும். மேல்முறையீட்டுக்குப் போகும்போது "பாக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்" என்பதே முதல் பேச்சாக இருக்கும். பழைய தொகையான 1,460 ரூபாயைக் கட்டிவிடுங்கள். மறுஅளவீட்டை ஏற்காமல் பழைய வரியை மட்டும் செலுத்துவதாக ஒரு கடிதமும் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகையும் கிடைக்கும். கணினி முழுத்தொகையைத்தான் ஏற்கிறது என்று கவுண்டரில் சொன்னால், பகுதித் தொகையை ஏற்கும்படி ஆணையருக்கு எழுதிய மனுவாக அதைக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டு ரசீது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் அளந்த முறையைச் சொல்லுங்கள். சுவருக்கு உள்பக்கம் அளந்தீர்களா, வெளிப்பக்கமா?

பலாத்தோப்பு

என் கேள்வியும் இதுதான். மாமனார் இறந்துவிட்டார், வரி இன்னும் அவர் பெயரிலேயே வருகிறது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று போதுமா?

கேட்புப் பதிவேடு

ஐயா, அது பெயர் மாற்றம், வேறு மனு. தனியாகக் கேளுங்கள், விவரமாக எழுதுகிறேன். ஆனால் உங்கள் கேள்வியால் ஒன்று நினைவுக்கு வந்தது. கெடிலக்கரை அம்மா, வரிவிதிப்பு இன்னும் உங்கள் அப்பா பெயரில் இருக்கிறதா? அப்படியானால் ஆட்சேபணையில் அவருடைய வாரிசு என்ற முறையில் கையெழுத்திடுங்கள், வாரிசுச் சான்றின் நகலை இணையுங்கள். "மனுதாரருக்கும் சொத்துக்கும் என்ன தொடர்பு" என்று கேட்டே ஒரு தவணையைத் தள்ளிவிடுவார்கள்.

கெடிலக்கரை

ஐயா, வரி அம்மா பெயரில் இருக்கிறது. அறிவிப்பையும் அம்மாதான் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார், தேதியும் போட்டிருக்கிறார். நான் அளந்தது உள்பக்கம்தான், ஒவ்வோர் அறையாக.

அளவு நாடா

அக்கா, 970 என்று எழுதிக்கொண்டு விசாரணைக்குப் போய்விடாதீர்கள். நான் கட்டடப் பொறியாளர். வரிக்குக் கணக்கிடுவது சுவரையும் சேர்த்த பரப்பு, வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடி போகும். நடுச்சுவர்களும் உண்டு. உங்கள் 970-ஐ அவர்கள் ஒரே நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இரண்டு பேர் நின்று ஐம்பது அடி நாடாவால் வெளிச்சுவரை அளந்து, ஒரு தாளில் படம் போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம் எழுதுங்கள். மாடியில் என்ன இருக்கிறது?

கெடிலக்கரை

இன்று மாலை தம்பியுடன் சேர்ந்து அளந்தேன். முன்பக்க வீடு 28 அடிக்கு 36, அதாவது 1,008. பின்பக்கம் சமையலறையும் குளியலறையும் 9-க்கு 14, அதாவது 126. மொத்தம் 1,134. அப்படியும் அவர்கள் எழுதியதில் 150 அடி கூடுதலாக இருக்கிறது.

மாடியில் அறை எதுவும் இல்லை. 2011-இல் தானே புயல் அடித்த பிறகு கூடத்துக்கு மேலே தளம் ஒழுகத் தொடங்கியது. அதை மறைக்க நான்கு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டோம். துணி காயப்போடுவோம், மழைக்காலத்தில் விறகு வைப்போம். மூன்று பக்கம் திறந்தவெளி, நான்காவது பக்கம் மாடிக் கைப்பிடிச் சுவர்.

அளவு நாடா

அந்தத் தகரத்தை அளந்து பாருங்கள். பத்துக்குப் பதினைந்து இருக்கும்.

கெடிலக்கரை

சரியாகப் பத்துக்குப் பதினைந்து! எப்படிச் சொன்னீர்கள்?

அளவு நாடா

வித்தியாசம் 150. அந்த எண் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே. அளவுத்தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் அதுதான்.

கேட்புப் பதிவேடு

தம்பி பிடித்துவிட்டார். இந்த 150 அடி ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 2022 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்ந்தபோது, நகராட்சிகளில் குடியிருப்புகளுக்குப் பரப்பை வைத்து நான்கு படிகள் வைத்தார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் வீடு 1,134 என்றால் இரண்டாவது படி. 1,284 என்றால் மூன்றாவது. ஆக அந்தத் தகரத்துக்கு 150 அடிக்கான வரியோடு விஷயம் முடியவில்லை, வீடு முழுவதையும் அது அடுத்த படிக்கு ஏற்றிவிட்டது.

நாளைக்கே செய்ய வேண்டியது இது. உங்கள் வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, "அளவுத்தாள், கணக்கீட்டுத்தாள் இரண்டின் நகல் வேண்டும்" என்று ஆணையருக்கு மனு எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துத் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் தனியாகவும் கேட்கலாம், ஆனால் அதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு, விசாரணை அதற்குள் முடிந்துவிடலாம். நேரடி மனு தாமதமானால், "நகல் கேட்டும் கிடைக்கவில்லை, கிடைத்த பிறகு விசாரிக்க வேண்டுகிறேன்" என்று சொல்ல அந்த முத்திரைத் தாள் உதவும்.

வணிகம் என்று எழுதியிருக்கிறார்களே, அது எந்த இடம்? தெருப் பக்கம் ஷட்டர் ஏதாவது இருக்கிறதா?

கெடிலக்கரை

இருக்கிறது ஐயா. முன்மூலையில் 11-க்கு 12 அறை. 2019 வரை ஒரு தையற்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவர் காலி செய்த பிறகு மகள் படிக்கும் அறையாகிவிட்டது. மேசை, பீரோ, சைக்கிள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வீட்டுக்குள்ளிருந்து கதவு வைத்துவிட்டோம். ஷட்டரை மட்டும் எடுக்கவில்லை, அது துருப்பிடித்து மேலே ஏறுவதே இல்லை.

மஞ்சக்குப்பம்

ஷட்டர் இருந்தால் கடைதான் என்று எழுதிவிடுவார்கள். உடனே எடுத்துவிட்டுச் சுவர் வையுங்கள். அவர்கள் மறுபடி வரும்போது கடைக்கான அடையாளமே இருக்கக் கூடாது.

கேட்புப் பதிவேடு

அவசரமாகச் சுவர் வைக்க வேண்டாம் அம்மா. அறிவிப்பு வந்த பிறகு வைத்த புதுச்சுவர் உங்களுக்கு எதிராகவே பேசும். துருப்பிடித்த ஷட்டர் அப்படியே இருக்கட்டும், அதுவும் ஒரு சான்று. நாளும் கடையைத் திறந்து மூடினால் அது அப்படித் துருப்பிடிக்காது. அதை வெளியிலிருந்து ஒரு படம், உள்ளே மேசையோடு ஒரு படம், வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவோடு ஒரு படம் எடுங்கள். அச்சிட்டுப் பின்னால் தேதி எழுதி வையுங்கள்.

அதைவிட முக்கியம் மின்சாரம். தையற்காரருக்குத் தனி மீட்டர் இருந்ததா?

கெடிலக்கரை

இருந்தது. இன்னும் இருக்கிறது. அப்பா வாங்கிக் கொடுத்த இணைப்பு. அட்டையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், வணிகக் கட்டணப் பிரிவு என்று இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேலாகக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறோம். அந்த அறைக்கு விளக்கும் விசிறியும் வீட்டு மீட்டரிலிருந்து போட்டுவிட்டோம்.

கேட்புப் பதிவேடு

இதுதான் உங்கள் மனுவில் பலவீனமான இடம். அதை மறைக்க வேண்டாம். வருவாய் ஆய்வாளர் மின்சார அட்டையைக் கேட்பது வழக்கம். "கடை இல்லை என்கிறீர்கள், வணிக இணைப்பு எதற்கு?" என்பார். இன்றே மின்வாரியத்தில் அந்த இணைப்பைத் திருப்பி ஒப்படைக்கவோ, வீட்டு உபயோகப் பிரிவுக்கு மாற்றவோ விண்ணப்பித்து ஒப்புகை வாங்குங்கள். 2019-க்குப் பிறகான கணக்கெடுப்பு விவரத்தை மின்வாரியத்திடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பயன்பாடு சுழியம் என்று இருந்தால், அந்த இடத்தில் தையல் இயந்திரம் ஓடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பழைய வாடகை ஒப்பந்தமும், முன்பணம் திருப்பிக் கொடுத்த சீட்டும் இருந்தால் எடுத்து வையுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இணைப்பை மாற்றும் தேதிக்கு முந்தைய காலத்துக்கு வணிக வரியை அவர்கள் விட்டுக்கொடுக்காமல் போகலாம். அதற்கும் சேர்த்து வாதாடுங்கள், முழுவதும் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

லாஸ்பேட்டை வாசி

புதுச்சேரியிலும் இதே நிலைதான். எனக்கு உழவர்கரை நகராட்சியில் வீட்டு வரி. இங்கேயும் 1,200 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவீதம்தானா? கவுன்சிலர்கள் கொண்ட குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள்.

கேட்புப் பதிவேடு

உங்களுக்குச் சட்டமே வேறு நண்பரே. அங்கே 1973-ஆம் ஆண்டுப் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம். தமிழகத்தின் 2022 படிகள் உங்களைத் தொடாது. அங்கே கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல், அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்துவிட்டது. கவுன்சிலர் குழு என்று தமிழகத்தில் கேள்விப்பட்டதை அங்கே தேடாதீர்கள். உங்கள் கேட்பு அறிவிப்பின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தனி இழையில் எழுதுங்கள்.

கெடிலக்கரை

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். நகல் கேட்ட மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். கணக்கீட்டுத்தாளும் கையில் கிடைத்தது. குடியிருப்பு 1,152, வணிகம் 132, மொத்தம் 1,284. அளவுத்தாளில் "மாடி தகரக் கொட்டகை 10 x 15" என்று பேனாவில் எழுதியிருக்கிறார்கள். குடியிருப்புக்கு 75 சதவீதப் படியைப் போட்டிருக்கிறார்கள்.

அளவு நாடா

ஒரு நிமிடம். குடியிருப்பு 1,152 என்றால் அது 1,200-க்கு உள்ளேதானே இருக்கிறது? வணிகப் பகுதிக்குத் தனியாக வணிக வரி போட்டுவிட்டு, அதே 132 அடியைக் குடியிருப்போடு சேர்த்து 1,284 என்று காட்டி மேல்படிக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஒரே அறை இரண்டு இடத்தில் வேலை செய்கிறது.

கேட்புப் பதிவேடு

நல்ல கண். இதை மனுவில் மாற்று வாதமாக எழுதுங்கள். முதல் வாதம், தகரம் கட்டடம் ஆகாது. இரண்டாவது, முன்னறை குடியிருப்புதான். இவை இரண்டையும் ஏற்காவிட்டாலும் குடியிருப்புப் பகுதி 1,152 மட்டுமே, ஆகவே 50 சதவீதப் படிதான் பொருந்தும் என்பது மூன்றாவது. கட்டடத்தின் மொத்தப் பரப்பைத்தான் படிக்கு எடுப்போம் என்று அவர்கள் சொல்லலாம். அப்படிச் சொன்னால் எந்த விதியின் கீழ் என்பதை ஆணையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நிலுவைத் தேதியைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். அளந்தது இந்த ஆண்டு, நிலுவை கேட்பது 2022-23 முதல். அதை எழுதாமல் விட்டால் பரப்பை மட்டும் திருத்திவிட்டு நிலுவையை அப்படியே வைப்பார்கள். இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ரசீதுக்கு இப்போது வருகிறேன். tnurbanepay.tn.gov.in தளத்தில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் தொகை தெரியும் என்பதால் பலரும் அதை அச்சிட்டு எடுத்துப்போகிறார்கள். "அந்த வீட்டையும் அளக்கிறோம்" என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடும். உங்களுக்கு ஒரு ரூபாய் குறையாது, தெருவில் பகைதான் மிஞ்சும். தெருவின் மண்டலத்தையே தவறாகப் போட்டிருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

அளவு நாடா

அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தைக் கொண்டு போகலாமா ஐயா? எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. பின்பக்கச் சமையலறை வரைபடத்தில் இருக்குமா என்று தெரியாது.

கெடிலக்கரை

இல்லை. சமையலறையைப் பிறகுதான் கட்டினோம்.

கேட்புப் பதிவேடு

கேட்டால் மறைக்காதீர்கள், நீங்களாக நீட்டவும் வேண்டாம். இந்த விசாரணை இருக்கும் கட்டடத்தின் அளவையும் பயன்பாட்டையும் பற்றியது. சமையலறையின் 126 அடியை நீங்களே உங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு வரி கட்டத் தயார் என்றால் போதும். வரி ரசீது அந்தச் சமையலறைக்கு அனுமதி ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கெடிலக்கரை

நேற்று விசாரணை முடிந்தது. ஆணையர் வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார், வருவாய் அலுவலர்தான் கேட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் முதலில் படத்தாளை மேசையில் வைத்தேன். 28-க்கு 36, 9-க்கு 14 என்று அவர் விரலை வைத்துக்கொண்டே கால்குலேட்டரில் அடித்தார். 1,134 வந்ததும் அவர்களுடைய அளவுத்தாளைத் திருப்பி, பேனாவில் எழுதிய வரியைப் பார்த்தார். மாடியின் மூன்று படங்களைக் கொடுத்தேன். ஒன்றில் அம்மாவின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. "சுவர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அன்று மாலையே ஆய்வாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார்.

ஆய்வாளர் வந்து பார்த்தார், தகரத்தைப் பரப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சம்மதம் என்று குறிப்பு எழுதினார். முன்னறையைப் பொறுத்தவரை ஐயா சொன்னது போலவே மின்சார அட்டையைத்தான் முதலில் கேட்டார்கள். சுழியம் பயன்பாட்டுப் பட்டியலையும், இணைப்பு மாற்ற விண்ணப்பத்தின் ஒப்புகையையும் கொடுத்தேன். மாற்றம் முடிந்த பிறகு, அடுத்த அரையாண்டிலிருந்து குடியிருப்பாக்கலாம் என்கிறார்கள். நிலுவை பற்றிக் கேட்டபோது "ஆணையில் வரும்" என்று மட்டும் சொன்னார்.

மஞ்சக்குப்பம்

தகரம் போனதே பெரிய வெற்றி. என் தம்பி வீட்டு மாடித் தகரத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள், அவனுக்கும் இதைச் சொல்கிறேன்.

அளவு நாடா

அண்ணா, உங்கள் தம்பி வீட்டுத் தகரத்துக்குக் கீழே சுவர் எழுப்பி அறையாக்கியிருந்தால் இது பொருந்தாது. மூன்று பக்கம் திறந்திருந்தால் என்ன, இரண்டு பக்கம் திறந்திருந்தால் என்ன என்பதில் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். என் கண்ணெதிரே இரண்டு பக்கம் அடைத்த கொட்டகையை ஓரிடத்தில் சேர்த்தார்கள், இன்னோர் இடத்தில் விட்டார்கள்.

கேட்புப் பதிவேடு

அம்மா, ஆய்வாளரின் குறிப்பு ஆணை ஆகாது. எழுத்தில் ஆணை வரும்வரை எதுவும் குறைந்ததாக எண்ண வேண்டாம். ஆணை வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: பரப்பு 1,134 என்று இருக்கிறதா, எந்தப் படி, எந்த அரையாண்டு முதல். நிலுவையை அப்படியே வைத்திருந்தால் நகராட்சியின் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதுங்கள். மன்ற உறுப்பினர்கள்தான் அதில் இருப்பார்கள். அங்கே புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதே படத்தாள், அதே மின்சாரப் பட்டியல், முத்திரையிட்ட முதல் மனு, ஆணையின் நகல் போதும். முதல் மனுவில் நிலுவையைத் தனிப் பத்தியாக எழுதினீர்கள்தானே?

கெடிலக்கரை

எழுதினேன் ஐயா, நான்காவது பத்தி. முத்திரையிட்ட நகலைப் பீரோவில் வைத்திருக்கிறேன். இணைப்பை மாற்றத் திங்கட்கிழமை மின்வாரியத்திலிருந்து வருகிறார்கள். ஆணை வந்ததும் அதில் உள்ள மூன்று இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.